மினிமம் பேலன்ஸ் பிடித்தம்: ஸ்டேட்மெண்டில் கண்டுபிடிப்பது முதல் திரும்பக் கேட்பது வரை

மணலியில் ஒப்பந்த வேலைக்குச் சேரும் பையன்களுக்குக் கான்ட்ராக்டரே சம்பளக் கணக்கு திறந்து கொடுத்துவிடுவார். அது ஜீரோ பேலன்ஸ் கணக்கு. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கான்ட்ராக்டர் மாறுவார், புதியவர் வேறு வங்கியில் கணக்கு திறப்பார், பழைய கணக்கு அப்படியே கிடக்கும். அதில் சம்பளம் விழுவது நின்ற சில மாதங்களில் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். பெரும்பாலான வங்கிகளில் இதற்கு மூன்று மாதம்தான் கெடு. மாறிய நாளிலிருந்து மினிமம் பேலன்ஸ் வைத்தாக வேண்டும். வடசென்னையில் நான் ஸ்டேட்மெண்ட் படித்துக் கொடுத்தவர்களில் மிகப் பலருடைய கதை இதுதான். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் இப்படிப்பட்ட ஒரு கணக்கையே எடுத்துக்கொண்டு போகிறேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் பின்தெருவில் இருக்கும் ஒரு தம்பியின் கணக்கு அது. ஆகஸ்ட் 7 அன்று அதில் 15,000 ரூபாய் போட்டார். 9ஆம் தேதி 345 ரூபாய் போய்விட்டது. "பதினஞ்சாயிரம் இருக்கும்போதே மினிமம் பேலன்ஸ் இல்லன்னு புடிச்சிருக்காங்கண்ணா, இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டார். அவர் கோபத்தில் தப்பில்லை. ஆனால் வங்கி பார்த்தது ஆகஸ்ட் மாதத்தை அல்ல.

முதலில், உங்கள் கணக்கு எந்த வகை என்று பாருங்கள்

ஸ்டேட்மெண்டின் தலைப்பகுதியில் பெயர், முகவரி, கிளை இவற்றோடு `Account Type`, `Product` அல்லது `Scheme` என்று ஒரு வரி இருக்கும். அங்கே `Salary` என்று இருந்த இடத்தில் `Regular` அல்லது வெறும் `Savings` என்று இருந்தால் கணக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். எந்தத் தேதியில் மாறியது என்பது அந்தத் தலைப்பில் இருக்காது, கிளையில் கேட்டால் சொல்வார்கள். அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். தம்பியின் கணக்கு ஜூன் தொடக்கத்தில் மாறியிருந்தது.

அடுத்தது, எவ்வளவு வைக்க வேண்டும் என்பது. இது கிளை இருக்கும் ஊரைப் பொறுத்தது. பெருநகரம், நகரம், சிறுநகரம், கிராமம் என்று வங்கிகள் கிளைகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம், மாதவரம் எல்லாம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. அதனால் எண்ணூர்க் கிளையானாலும் நுங்கம்பாக்கம் கிளையானாலும் வங்கிக்குப் பெருநகரம்தான். தெருவில் இருப்பவர்களின் வருமானத்தை யாரும் பார்ப்பதில்லை. மாநகராட்சி எல்லைக்கு வெளியே மீஞ்சூர்ப் பக்கம் போனால் அதே வங்கியிலேயே தொகை குறைவாக இருக்கலாம்.

எல்லா வங்கியிலும் இந்தத் தொல்லை கிடையாது. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் இந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூன் 1 முதலும், இந்தியன் வங்கி 2025 ஜூலை 7 முதலும் விலக்கிக்கொண்டன. எனவே இப்போது இந்தப் பிடித்தம் அதிகம் தெரிவது தனியார் வங்கிக் கணக்குகளில். கான்ட்ராக்டர்கள் மொத்தமாகச் சம்பளக் கணக்கு திறப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

பிடித்த வரியைக் கண்டுபிடியுங்கள்

பாஸ்புக்கை வைத்து இதைச் செய்யாதீர்கள். நீண்ட நாள் பதிவு போடாமல் விட்டால் இடையில் நடந்தவற்றையெல்லாம் சுருக்கி ஒரே வரியாக அச்சடித்துவிடும் வழக்கம் பல வங்கிகளில் உண்டு, அதில் பிடித்தம் காணாமல் போய்விடும். வங்கி செயலியிலோ நெட் பேங்கிங்கிலோ ஆறு மாத ஸ்டேட்மெண்டை பிடிஎஃப் ஆக இறக்குங்கள். செயலி இல்லாதவர்கள் கிளையில் கேட்டு வாங்கலாம்.

அதில் பணம் வெளியே போன பத்தியில் சில்லறை பைசாவோடு நிற்கும் தொகைகளைத் தேடுங்கள். நாம் எடுக்கும் பணம் 500, 2,000 என்று முழுசாக இருக்கும், வங்கி பிடிக்கும் பணம் பெரும்பாலும் பைசாவோடு இருக்கும். அதற்கு எதிரே விவரப் பத்தியில் `AMB`, `MAB`, `QAB`, `MIN BAL`, `NON MAINT` போன்ற ஏதாவது ஒன்று இருக்கும். `AMB`, `MAB` இரண்டும் மாதச் சராசரி இருப்பையும், `QAB` காலாண்டுச் சராசரியையும் குறிக்கும். ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு மாதிரி எழுதும். சில வங்கிகள் எஸ்எம்எஸ் கட்டணம், கார்டு கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து `Consolidated Charges` என்று ஒரே வரியில் போட்டுவிடும், அப்படி இருந்தால் பிரித்துக் கேட்க வேண்டும்.

தம்பியின் ஸ்டேட்மெண்டில் இருந்தது இது:

```
09/08  AMB CHRG JUN     292.40
09/08  CGST              26.32
09/08  SGST              26.32
```

முதல் வரி அபராதம். அடுத்த இரண்டும் அந்த அபராதத்தின் மேல் போடும் ஜிஎஸ்டி, மத்திய பங்கு 9 சதவீதம், மாநிலப் பங்கு 9 சதவீதம், ஆக 18. சில வங்கிகள் வரியையும் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டும், அப்போது விவரத்தில் `INCL GST` என்று இருக்கும். அந்தத் தொகையை 1.18ஆல் வகுத்தால் அசல் அபராதம் கிடைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய எழுத்துகள் மூன்றுதான்: `JUN`. பணம் போன தேதி ஆகஸ்ட் 9, அபராதம் ஜூன் மாதத்துக்கு. இந்த இரண்டு மாத இடைவெளி எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஜூன் முடிந்த பிறகுதான் ஜூன் மாதச் சராசரியைக் கணக்கிட முடியும். ஜூலை முதல் வாரத்தில் "இருப்பு குறைந்துவிட்டது" என்று வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். அதன்பின் சரிசெய்ய ஒரு மாதம் விட வேண்டும். அதுவும் முடிந்து ஆகஸ்டில் பிடிக்கிறார்கள். தம்பி 15,000 போட்ட நேரத்தில் அந்தக் கெடு முடிந்துபோயிருந்தது. போடாமல் இருந்திருந்தால் பிடிக்கவும் பணம் இருந்திருக்காது, அதை அப்புறம் சொல்கிறேன்.

சராசரியை நீங்களே போட்டுப் பாருங்கள்

சராசரி என்பது மாதக் கடைசியில் இருக்கும் தொகை அல்ல, மாதத்தின் மிகக் குறைந்த தொகையும் அல்ல. ஒவ்வொரு நாளும் இரவு கணக்கு முடிக்கும்போது என்ன இருப்பு இருக்கிறதோ அதையெல்லாம் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பதுதான். காலையில் வந்து மாலையில் போய்விட்ட பணம் இதில் சேரவே சேராது. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்பவர்கள் கணக்கில் தினமும் ஆயிரக்கணக்கில் வந்து போனாலும் சராசரி குறைவாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

தம்பியின் வங்கி கேட்பது 10,000. குறைந்தால், குறைந்த தொகையில் 6 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. உங்கள் வங்கியின் விகிதம் அதன் கட்டணப் பட்டியலில் இருக்கும், கிளையில் கேட்டால் காட்ட வேண்டும்.

ஜூன் மாதம் அவர் கணக்கில் நடந்தது இவ்வளவுதான். முதல் தேதி 2,400 ரூபாய் இருந்தது, நான்கு நாள் அப்படியே இருந்தது. 5ஆம் தேதி அம்மா எடுத்த சீட்டுப் பணம் 18,000 போட்டார், இருப்பு 20,400 ஆனது, ஐந்து நாள் நின்றது. 10ஆம் தேதி தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு 17,500 எடுத்தார், மிச்சம் 2,900, அது பத்து நாள். 20ஆம் தேதி வண்டிக் கடன் தவணை 1,700 போய் 1,200 ஆனது, மாத முடிவு வரை பதினோரு நாள்.

ஒவ்வொரு இருப்பையும் அது நின்ற நாட்களால் பெருக்குங்கள்:

```
 2,400 x  4 =    9,600
20,400 x  5 =  102,000
 2,900 x 10 =   29,000
 1,200 x 11 =   13,200
              --------
              153,800 / 30 = 5,126.67
```

10,000இலிருந்து இதைக் கழித்தால் குறைவு 4,873.33. அதில் 6 சதவீதம் 292.40. ஸ்டேட்மெண்டில் இருந்த தொகை பைசா பிசகாமல் வந்துவிட்டது. அதாவது வங்கியின் கூட்டல் கழித்தல் சரி. கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. 30 நாளுக்கு 10,000 என்றால் மொத்தம் 3,00,000 வர வேண்டும். இருந்தது 1,53,800, துண்டு விழுந்தது 1,46,200. ஜூன் 10 அன்று 17,500க்குப் பதில் 10,500 மட்டும் எடுத்து 7,000ஐ விட்டு வைத்திருந்தால், அந்த 7,000 இருபத்தொரு நாள் நின்று 1,47,000 சேர்த்திருக்கும், அபராதமே வந்திருக்காது. அதையே 25ஆம் தேதி நினைவு வந்து சரிசெய்யப் போனால் மிச்சம் ஆறு நாள்தான், 24,367 ரூபாய் கொண்டுவந்து மாத முடிவு வரை தொடாமல் வைத்திருக்க வேண்டும். பணம் வைப்பதானால் மாதத் தொடக்கத்தில் வையுங்கள், கடைசி வாரத்தில் ஓடிப்போய்ப் போடும் சிறு தொகை சராசரியை அசைக்காது. அதேபோல் ஏதாவது ஒரு மாதம் பெரிய தொகை நான்கு நாள் தங்கினால், அதுவே அந்த மாதத்துக்குப் போதுமாகவும் இருக்கலாம். மேலே சொன்ன மாதிரி பெருக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

விதி என்ன சொல்கிறது, வங்கி அதைச் செய்ததா

ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது, 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எவ்வளவு இருப்பு கேட்கலாம் என்பதை அது வங்கிகளிடமே விட்டுவிட்டது. ஆனால் எப்படிப் பிடிக்கலாம் என்பதற்கு வரம்பு போட்டது.

இருப்பு குறைந்ததும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொன்ன தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால்தான் பிடிக்கலாம். பிடிக்கும் தொகை குறைவுக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். நூறு ரூபாய் குறைந்தவருக்கும் ஒன்பதாயிரம் குறைந்தவருக்கும் ஒரே அபராதம் போட முடியாது, படிநிலைகள் வைத்துக்கொள்ளலாம். கடைசியாக, இந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனசுக்குப் போகக் கூடாது.

நான் பார்த்தவரை தகராறு வருவது முதல் விதியில்தான். தம்பியைப் போனில் ஜூலை மாத எஸ்எம்எஸ்களைத் தேடச் சொன்னேன். ஒன்றும் இல்லை. கிளையில் கேட்டபோது "அனுப்பிட்டோம் சார், சிஸ்டத்துல இருக்கு" என்றார்கள். எந்த எண்ணுக்கு என்று கேட்டதும்தான் விஷயம் வெளியே வந்தது. கணக்கு திறந்தபோது படிவத்தில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் எண் எழுதப்பட்டிருந்தது. மொத்தமாக இருபது முப்பது பேருக்குக் கணக்கு திறக்கும் இடங்களில் இது நடக்கிறது. உங்கள் கணக்கில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். அபராத அறிவிப்பு மட்டுமல்ல, ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் போகும்.

பணமே இல்லாத கணக்கில் என்ன நடக்கும்

மைனசுக்குப் போகக் கூடாது என்றால் அபராதம் ரத்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கணக்கில் 110 ரூபாய் இருந்தால் வங்கி 110ஐயும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பாக்கியாக வைத்திருக்கும், அல்லது முழுவதையும் பாக்கியில் போடும். அடுத்து எப்போது பணம் விழுகிறதோ அப்போது பிடித்துக்கொள்ளும். ஸ்டேட்மெண்டில் இது 110.00, 47.00, 188.04 என்று தொடர்பில்லாத துண்டுகளாக, வெவ்வேறு தேதிகளில் தெரியும். விவரத்தில் ஒரே மாதத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அவையெல்லாம் ஒரே அபராதத்தின் துண்டுகள். கூட்டிப் பாருங்கள், அபராதமும் ஜிஎஸ்டியும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செயலியில் மொத்த இருப்பையும் எடுக்கக்கூடிய இருப்பையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் நடுவில் `Lien` அல்லது `Hold` என்று ஒரு தொகை நிற்கும்.

இதனால் அடிபடுவது அரசு உதவித்தொகை வாங்குபவர்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் முதல் தடவை வந்தபோது, பழைய மினிமம் பேலன்ஸ் பாக்கிக்காகச் சில வங்கிகள் அந்த ஆயிரம் ரூபாயில் பிடித்துக்கொண்டன என்று பெண்கள் புகார் சொன்னார்கள். அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்து, 1100 என்ற எண்ணில் புகார் செய்யச் சொன்னார். உரிமைத் தொகை வரும் கணக்கில் இப்படி ஒரு வரி இருந்தால் சும்மா விடாதீர்கள்.

கணக்கை அப்படியே போட்டுவிட்டால் தானாகச் செத்துவிடும் என்பதும் நடக்காது. நீங்களாகச் செய்யும் வரவு செலவு எதுவும் இரண்டு வருடத்துக்கு மேல் இல்லாவிட்டால்தான் அது செயல்படாத கணக்காகும், அப்படி ஆன பிறகு மினிமம் பேலன்ஸ் அபராதம் போட ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அபராதம் ஏறிக்கொண்டே இருக்கும். வங்கி போடும் வட்டியும் வங்கி பிடிக்கும் கட்டணமும் உங்கள் பரிவர்த்தனையாகக் கணக்கில் வராது.

எழுதிக் கேளுங்கள்

கவுண்டரில் வாய்ப்பேச்சாகக் கேட்டால் "ரூல் அப்படித்தான்" என்பதோடு முடிந்துவிடும். ஒரு தாளில் தமிழிலேயே எழுதி இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தம்பிக்காக நாங்கள் எழுதியது ஏறத்தாழ இப்படி:

"ஆகஸ்ட் 9 அன்று என் கணக்கில் ஜூன் மாத இருப்புக் குறைவுக்காக ரூ. 292.40ம் ஜிஎஸ்டியும் பிடிக்கப்பட்டுள்ளன. என் சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காக மாற்றப்பட்டதை எந்தத் தேதியில், எந்த வழியில் எனக்குத் தெரிவித்தீர்கள்? ஜூன் மாத இருப்புக் குறைவை எந்தத் தேதியில், எந்த எண்ணுக்குத் தெரிவித்தீர்கள்? பதிவாகியிருப்பது என்னுடைய எண் அல்ல. முன்னறிவிப்பு எனக்குக் கிடைக்காததால் பிடித்த தொகையை ஜிஎஸ்டியோடு திருப்பி வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

ஜிஎஸ்டியோடு என்று எழுத மறக்காதீர்கள். அபராதத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரியை விட்டுவிடுவதும் உண்டு. திரும்பி வந்தால் வரவுப் பத்தியில் `REV` அல்லது `REVERSAL` என்ற சொல்லோடு தெரியும். தம்பிக்கு வந்தது. வேறு எண்ணுக்கு அறிவிப்பு போனதை மேலாளர் ஒப்புக்கொண்டதுதான் காரணம். அறிவிப்பு உங்களுடைய எண்ணுக்கே வந்திருந்து நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் விதிப்படி கேட்க இடமில்லை, முதல் தடவை என்று சொல்லி வேண்டுகோளாகக் கேட்கலாம். சில மேலாளர்கள் செய்வார்கள்.

ஜூலையிலும் அவர் கணக்கில் இருப்பு குறைவுதான், அதற்கான பிடித்தம் செப்டம்பரில் வரவிருந்தது. அதனால் அதே மனுவில் இன்னொரு பத்தி சேர்த்தோம்: கைபேசி எண்ணை மாற்ற வேண்டும், கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்ற வேண்டும். இந்த அடிப்படைக் கணக்கை ரிசர்வ் வங்கி 2012இலேயே எல்லா வங்கிக்கும் கட்டாயமாக்கிவிட்டது. மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏடிஎம் கார்டு இலவசம், மாதம் நான்கு தடவை இலவசமாகப் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பது நிபந்தனை. இப்படி ஒன்று இருப்பதாக எந்தக் கவுண்டரிலும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கணக்கே வேண்டாம் என்றால் மூடிவிடலாம். மூடுவதற்கு முன் அந்தக் கணக்கிலிருந்து போகும் கடன் தவணை, அதில் வரும் கேஸ் மானியம், பிஎஃப் அலுவலகத்தில் கொடுத்திருக்கும் கணக்கு எண் ஆகிய மூன்றையும் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மூன்றாவதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது, பிஎஃப் பணம் கேட்கும்போது மூடிய கணக்கு எண்ணால் மனு திரும்பி வரும்.

மனு கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் உங்கள் கேள்விக்குப் பதிலாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். `cms.rbi.org.in` தளத்தில் புகாரைப் பதியலாம், கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண். முத்திரை வாங்கிய மனுவின் படம், அந்த வரி உள்ள ஸ்டேட்மெண்ட் பக்கம், நீங்கள் போட்ட சராசரிக் கணக்கு, இந்த மூன்றையும் இணையுங்கள். வங்கிக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.